சளி போயும் வாசனை திரும்பாவிட்டால்



கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைக்கும் பண்டாரி ஒருவர் நமது இலவச மருத்துவ முகாமுக்கு வந்திருந்தார். வயது 52. "டாக்டர், நாக்கு செத்துப் போச்சு. உப்பு போட்டேனா, தாளிச்சது கருகுச்சா, ஒண்ணும் தெரியலே" என்றார். ஐந்து வாரத்துக்கு முன் அவருக்குக் கடுமையான சளி பிடித்திருக்கிறது. பத்து நாளில் மூக்கு திறந்துவிட்டது. ஆனால் வாசனை திரும்பவில்லை. முந்தின வாரம் ஒரு வலிமா வீட்டில் தேக்சாவில் வெங்காயம் கருகியதைத் தூரத்தில் நின்ற உதவியாள்தான் கத்திச் சொன்னாராம். பக்கத்தில் நின்ற இவருக்குத் தெரியவில்லை. "இந்தத் தொழிலை விட்டுட வேண்டியதுதானா?" என்பதே அவர் கேள்வி. இதே கேள்வியோடு வேறு பலரும் வருவதால், அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் நாக்கில் சிறிது உப்பும், பிறகு சர்க்கரையும் வைத்தேன். இரண்டையும் சரியாகச் சொன்னார். ஆக, நாக்கு நன்றாகவே இருந்தது. உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்றவற்றை மட்டுமே நாக்கு அறியும். பிரியாணியின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாசனைதான். மெல்லும்போது அது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அந்த வழி அறுந்தால் 'ருசி போய்விட்டது' என்று தோன்றும்.

அடுத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் தனித்தனியாகக் காப்பித்தூளைக் காட்டினேன். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. தலைவலித் தைலத்தைக் காட்டியதும், "இது தெரியுது டாக்டர்!" என்று மகிழ்ந்தார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தைலத்தின் குளிர்ச்சியையும் எரிச்சலையும் உணர்வது முகத்தின் தொடு உணர்வு நரம்பு. வாசனை நரம்பு அல்ல. ஆகவே வீட்டில் சோதிப்பவர்கள் தைலத்தை விட்டுவிட்டு, காப்பித்தூளிலோ ஏலக்காயிலோ சோதியுங்கள்.

சளியில் வாசனை போவது இரண்டு வகை. ஒன்று, மூக்கு அடைத்துக்கொள்வதால் காற்று மேலே போகாமல் இருப்பது. அடைப்பு நீங்கியதும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில், இது சரியாகிவிடும். மற்றது, மூக்கின் உச்சியில் தபால்தலை அளவே உள்ள வாசனைத் தோலை வைரஸ் புண்ணாக்கிவிடுவது. மூக்கு தாராளமாகத் திறந்திருந்தும் வாசனை மட்டும் வராது. கொரோனா காலத்தில் பலர் இதைப் பார்த்தார்கள். சாதாரண சளியும் இதைச் செய்யும். நாற்பதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. பண்டாரிக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் குழாயால் உள்ளே பார்த்து, சதை வளர்ச்சியோ சீழோ இல்லை என்று உறுதி செய்தார்.

வாசனை நரம்பு செல்கள் மீண்டும் முளைக்கும் தன்மை உடையவை. ஆனால் முளைத்து, மூளையோடு சரியாக இணைய நாட்களல்ல, மாதங்கள் ஆகும். இந்த வகையில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஓராண்டுக்குள் தெளிவான முன்னேற்றம் காண்கிறார்கள். சிலருக்கு இரண்டாண்டு வரையிலும் மெல்ல மெல்ல வரும். சிலருக்கு முழுதாக வருவதில்லை. மாத்திரையால் உடனே வரவழைக்க முடியாது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒவ்வாமைக்கும் சதை வளர்ச்சிக்கும் பயன்படும். நரம்பு பாதித்த இடத்தில் அதன் பலன் குறைவு. ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள்.

பயன் தருவது வாசனைப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பேராசிரியர் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை இது. நான்கு வாசனைகள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். ரோஜாவுக்கு நம் வீட்டு அத்தரே போதும். எலுமிச்சைக்குத் தோலைச் சீவி வையுங்கள். கிராம்பைத் தட்டி வையுங்கள். அத்தரையும் தைலத்தையும் பஞ்சில் சில சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் மூடியுள்ள சிறு பாட்டிலில் அடையுங்கள்.

பாட்டிலைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்து, 15 முதல் 20 விநாடி மெதுவாக, சிறு சிறு மூச்சாக முகருங்கள். அப்போது அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைவுகூருங்கள். அரை நிமிடம் விட்டு அடுத்த பாட்டில். காலையும் இரவும் ஐந்தைந்து நிமிடம். நோன்பு நாட்களில் ஸஹருக்கு எழும்போதும் இஷாவுக்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஆறு மாதம் செய்வது மேலும் நல்லது. எண்ணெயை மூக்குக்குள் விடக் கூடாது.

பண்டாரி பத்தாவது வாரம் பதறி ஓடி வந்தார். வறுத்த வெங்காயம் ரப்பர் எரிவது போல நாறுகிறது என்றார். காப்பி, பூண்டு, வறுத்த இறைச்சி ஆகியவை இப்படி மாறி நாறுவது உண்டு. புதிதாக முளைக்கும் நரம்புகள் இன்னும் சரியாக இணையவில்லை என்பதன் அடையாளமாக இது பெரும்பாலும் இருக்கும். பயிற்சியை நிறுத்த வேண்டாம் என்றேன். ஐந்தாம் மாதம் கிராம்பு லேசாகத் தெரிந்தது. எட்டாம் மாதம் நெய்யும் கருகலும் தெரிந்தன. புதினாவையும் மல்லியையும் பிரித்தறிய இன்னும் முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், தொழிலை அவர் விடவில்லை. இடைப்பட்ட மாதங்களில் ருசியும் தாளிப்பும் உதவியாளின் பொறுப்பாக இருந்தன; இவர் நேரத்தையும் நிறத்தையும் பார்த்துத் தம் போட்டார்.

வாசனை இல்லாத வீட்டில் முதல் ஆபத்து சமையல் கேஸ். அதற்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே நாற்றப்பொருள் கலக்கிறார்கள். ஆகவே சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை அடையுங்கள். கசிவுச் சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். மீந்த சோற்றையும் பாலையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல், வைத்த நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ருசி வேண்டி உப்பையும் சர்க்கரையும் கூட்டுவது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்குத் தீங்கு.

சளி தெளிந்த பிறகும் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் வாசனை வராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பின்வருவன இருந்தால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம்: ஒரு பக்கம் மட்டும் அடைப்போ, இரத்தம் கலந்த சளியோ, சளியே பிடிக்காமல் வாசனை போவது, நினைவு மறதி, கை நடுக்கம் சேர்ந்து வருவது. தலையில் அடிபட்ட பிறகு வாசனை போனாலோ, மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினாலோ, கடும் தலைவலி, பார்வைக் கோளாறு, கண்ணைச் சுற்றி வீக்கம், கைகால் மரத்தல் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது, சளி பிடித்த தேதி, மூக்கு திறந்த தேதி, சாப்பிட்ட மருந்துகள், எந்த வாசனை எப்போது தெரிந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பண்டாரி வாரம் ஒருமுறை நான்கு வாசனைக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வந்தார். வாரத்துக்கு வாரம் மாற்றம் தெரியாமல் மனம் சோர்ந்தபோது, மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் முன்னேற்றத்தைக் கண்டுகொண்டதாகச் சொன்னார்.