"என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதா, "என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதா?

அகதிகளுக்கு உதவும் நிலையங்கள் சிலவற்றில் புதிதாக ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது, உதவி பெற வருபவர்களில் ஒருவரையும் இன்ரவியூக் குழுவில் இருத்துவார்கள். நீங்கள் வந்து ஆறு மாதம்தான் என்றாலும், "நீங்களும் வந்து இருங்கோ, இரண்டு கேள்வி கேளுங்கோ" என்று கூப்பிடக்கூடும். இன்ரவியூ என்றவுடனே எங்கள் சனத்துக்கு குடிவரவு அதிகாரியின் முகம்தான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. இங்கே கேள்வி கேட்பது நீங்கள்.

என்ன கேட்பது என்பதில்தான் சிக்கல். வேலைக்கான கேள்விகளில் முக்கியமாக இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, "இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கற்பனைக் கேள்வி. மற்றது, "இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற அனுபவக் கேள்வி. முதலாவதை 1980இல் கேரி லேதம் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் முறைப்படுத்தினார்கள். இரண்டாவதை 1982இல் டொம் ஜான்ஸ் என்பவர் எழுதினார். அதன்பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் நடந்தன.

ஒரு ஆளை எடுக்கும்போது கொடுத்த புள்ளியும், பிறகு அவர் வேலையில் எப்படி இருந்தார் என்பதும் எவ்வளவு ஒத்துப் போகின்றன என்று பார்ப்பதுதான் இந்த ஒப்பீடு. ஒத்தே போகாவிட்டால் 0, முழுக்க ஒத்துப் போனால் 1. 2002இல் டெய்லர், ஸ்மால் என்ற இருவர் முந்திய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது அனுபவக் கேள்விக்கு 0.56, கற்பனைக் கேள்விக்கு 0.45 வந்தது. ஆகவே அனுபவக் கேள்வி ஒரு படி மேல். ஆனாலும் மற்றது குப்பை இல்லை. இரண்டுமே, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று பொதுவாகக் கேட்டு, முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம். நிலையத்தின் முன்மேசைக்கு ஒரு ஆள் தேவை. வருகிறவர்களை வரவேற்று, கடிதங்களை வாங்கி, உரிய ஆலோசகரிடம் அனுப்புகிற வேலை. இந்த வேலையில் ஆள் தடுமாறுகிற இடம் எது என்று அங்கே வேலை செய்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். கேட்டால் இப்படி ஒரு சம்பவம் வரும்: பூட்டுகிற நேரம். ஒரு அக்கா ஓடி வருகிறார். கையில் ஆங்கிலக் கடிதம். அப்பீல் போடக் கடைசி நாள் நாளைக்கு. ஆலோசகர்கள் போய்விட்டார்கள். பூட்டிய பிறகு ஒருவரையும் உள்ளே வைத்திருக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி.

இதைக் கற்பனைக் கேள்வியாக அப்படியே சொல்லி, "என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். கவனிக்க வேண்டியது, கேள்விக்குள் இரண்டு பக்க இழுப்பு இருக்க வேண்டும். அவசரம் ஒரு பக்கம், விதி மறு பக்கம். "கஷ்டத்தில் வருபவருக்கு உதவுவீர்களா?" என்று கேட்டால் எவரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அதில் அறிய ஒன்றுமில்லை. லேதம் மர ஆலைத் தொழிலாளரிடம் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தடிமன் வந்து படுத்திருக்கிறார்கள், பார்க்க வேறு ஆள் இல்லை, மூன்று மணித்தியாலத்தில் உங்கள் ஷிப்ட், என்ன செய்வீர்கள்? இதில் சரியான பதில் எதுவென்று முகத்தில் எழுதியிருக்கவில்லை, பாருங்கோ.

அதே விஷயத்தை அனுபவக் கேள்வியாக்கினால்: "வேலை முடிகிற நேரத்தில் ஒருவர் அவசரமாக உங்களிடம் வந்த ஒரு தடவையைச் சொல்லுங்கோ. அப்போது என்ன செய்தீர்கள்? என்ன நடந்தது?"

ஒருவர் சொல்கிறார்: "நான் எப்பவும் ஆட்களுக்கு உதவுவேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்." இது பதில் இல்லை. "எப்பவும்", "நாங்கள்" என்ற சொற்கள் வந்தால், நடந்ததை அல்ல, தன்னைப் பற்றிய நினைப்பைச் சொல்கிறார் என்று எடுக்கலாம். இந்த இடத்தில் விட்டுவிடாமல், "ஒரே ஒரு தடவை, அதில் நீங்கள் மட்டும் செய்தது என்ன?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். இன்னொருவர் சொல்கிறார்: "மருந்துக் கடையில் நின்றனான். பூட்ட ஐந்து நிமிடம் இருக்கேக்க ஒரு ஐயா வந்தார், இன்சுலின் முடிஞ்சுது என்று. மருந்துத் துண்டு கையில் இல்லை. நானாகக் கொடுக்க முடியாது. டொக்டருக்குப் போன் எடுத்தன், முதலாளியிடம் சொல்லி அரை மணித்தியாலம் திறந்து வைத்தன்." இதில் ஆள், நேரம், எல்லை, முடிவு எல்லாம் இருக்கின்றன. தன்னால் செய்யக் கூடாதது எது என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புள்ளி எப்படிக் கொடுப்பது என்பதை ஆட்கள் வருவதற்கு முன்னமே எழுதி வைக்க வேண்டும். பலரும் விடுகிற இடம் இதுதான். கடிதத்தின் திகதியைப் பார்த்து, சொலிசிற்றருக்குத் தகவல் விட்டு, பொறுப்பாளருக்குப் போன் செய்கிறேன் என்றால் 5. நாளைக் காலை முதல் ஆளாக வரச் சொல்லி, ஆலோசகருக்குக் குறிப்பு எழுதி வைக்கிறேன் என்றால் 3. "பூட்டியாச்சு" என்றால் 1. "நானே அப்பீல் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறேன்" என்கிற நல்ல மனதுக்காரருக்கும் 1தான். ஏனென்றால் பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனை கொடுப்பது குற்றம். அந்த அக்காவின் வழக்கும் அதனால் கெடலாம். இப்படி எழுதி வைத்த அளவுகோல் இல்லாவிட்டால், நன்றாகக் கதைக்கிறவருக்கே புள்ளி போகும்.

எப்போது எதைத் தெரிவு செய்வது? விண்ணப்பித்த எல்லாரும் முன்பு ஏதாவது வேலை செய்தவர்கள் என்றால் அனுபவக் கேள்விக்கே கூடுதல் இடம் கொடுங்கோ. பொறுப்பாளர், திட்டத் தலைவர் போன்ற சிக்கலான வேலைகளுக்கும் அதுதான் நல்லது. அப்படிப்பட்ட வேலைகளில் கற்பனைக் கேள்வியின் கணிப்பு குறைகிறது என்று 2004இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. பள்ளிக்கூடம் முடித்து நேரே வருபவர்களும் விண்ணப்பித்திருந்தால் அனுபவக் கேள்வி மட்டும் கேட்பது அவர்களுக்கு அநியாயம். அப்போது கற்பனைக் கேள்வியைக் கேளுங்கோ. அல்லது "வேலையில், வீட்டில், கோயிலில், முகாமில், எங்கே நடந்ததென்றாலும் பரவாயில்லை" என்று வாசலை அகலத் திறந்து விட்டுக் கேளுங்கோ. இந்த நாட்டு அனுபவம்தான் வேண்டும் என்று கேட்டால் எங்களைப் போன்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று. அனுபவக் கேள்வி சிலருக்குப் பழைய காயத்தைத் தொடும். "வாழ்க்கையில் மிகக் கஷ்டமான நேரம் எது?" என்று ஒருபோதும் கேட்க வேண்டாம். கேள்வி வேலையோடு நிற்கட்டும். எப்படி நாட்டுக்கு வந்தார், வழக்கு எந்த நிலையில் என்பதெல்லாம் குழுவில் இருக்கும் உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். வேலை செய்யும் உரிமையை அலுவலகம் தனியாகப் பார்த்துக்கொள்ளும்.

நீங்களே மறுபக்கம் இருந்து பதில் சொல்ல வேண்டி வரும்போதும் இதே கணக்குத்தான். "செய்தீர்கள்" என்று கேட்டால் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கோ, ஊரில் நடந்ததென்றாலும் சரி. "செய்வீர்கள்" என்று கேட்டால் இரண்டு பக்க இழுப்பையும் வாயால் சொல்லி, பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கோ. இல்லாத அனுபவத்தைக் கட்டிச் சொல்ல வேண்டாம். மூன்றாவது துணைக் கேள்வியில் அது பிடிபடும், முந்திய முதலாளியிடம் விசாரிக்கவும் செய்வார்கள். அனுபவம் இல்லையென்றால், "அப்படி எனக்கு வரவில்லை, வந்தால் இப்படிச் செய்வேன்" என்று சொல்லலாம்.

குழுவில் இருக்கிற நாளன்று எல்லாருக்கும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேளுங்கோ. ஒவ்வொருவர் போனதும் உங்கள் புள்ளியை முதலில் எழுதுங்கோ. மற்றவர்களோடு கதைப்பது அதற்குப் பிறகு.