மைல்கல் சொல்லும் கணக்கு

வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் வழியாகத் தெற்கே சென்றால் அருப்புக்கோட்டைச் சாலையை அடையலாம். சென்ற ஆண்டு அச்சாலையில் நாங்கள் சென்ற வேன், காரியாபட்டியைத் தாண்டியதும் பழுதாகி நின்றுவிட்டது. மாற்று வேன் ஓட்டுநரிடம், பக்கத்திலிருந்த மைல்கல்லைப் பார்த்து, "பத்தொன்பதாவது கிலோமீட்டரில் நிற்கிறோம், அண்ணா" என்று தொலைபேசியில் கூறினோம். அவர் மதுரையிலிருந்து 19 கிலோமீட்டர் வந்து, எங்களைக் காணாமல் தேடினார். நாங்களோ வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

தவறு எங்களுடையதே. கல்லில் 'அருப்புக்கோட்டை 19' என்று எழுதியிருந்தது. எண்ணைப் படித்த நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் கணித வகுப்பில் சிஸ்டர் இதையே கணக்காக்கினார். மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே 48 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டைக்கு 19 என்றால், மதுரையிலிருந்து 48 − 19 = 29. ஓட்டுநர் எங்களுக்குப் பத்து கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டார்!

இரண்டு கற்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அறிய வேண்டுமானால், இரண்டிலும் ஒரே ஊரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 'அருப்புக்கோட்டை 31', 'அருப்புக்கோட்டை 19' என்றிருந்தால் கழித்தால் போதும், விடை 12. ஆனால் அந்த ஊர் இரு கற்களுக்கும் நடுவில் இருந்தால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். கல்லின் இரு முகங்களிலும் சாலையின் இரு முனை ஊர்களும் இருந்தால், இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எந்தக் கல்லிலும் மாறாது. மாறினால் நாம் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது ஊர்ப் பெயர் மாறியிருக்கிறது என்று அறியலாம்.

பெரிய கற்களுக்கு இடையே 2, 4, 6, 8 என்று எழுதிய சிறு கற்கள் நிற்கும். அவை 200 மீட்டருக்கு ஒன்று. ஆகவே 6 என்றால் 600 மீட்டர்.

இரயில் பாதையில் இந்தக் கணக்கு பலிக்காது. திருப்பரங்குன்றம் நிலைய நடைமேடையிலிருந்து மின்கம்பத்துத் தகட்டைப் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு எண்கள் இருக்கும். மேல் எண் கிலோமீட்டர். அது மதுரையிலிருந்து எண்ணியது அன்று; பாதையின் தொடக்கத்திலிருந்து எண்ணி வருவது. கீழ் எண் அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண் மட்டுமே. கம்பங்களின் இடைவெளி ஒரே அளவாக இராது. வளைவில் அவை நெருங்கி நிற்கும். எனவே 8 என்பதை 800 மீட்டர் என்று கொள்ளக் கூடாது.

உதாரணமாக, ஒரு தகட்டில் 501/8, மற்றொன்றில் 511/4 என்றிருந்தால், மேல் எண்களைக் கழித்துச் 'சுமார் 10 கிலோமீட்டர்' என்றுதான் சொல்லலாம். தகட்டைப் படிக்கத் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். நடைமேடையும் இரயில் சன்னலும் போதும்.

இப்பொழுது வழியில் எங்கு நின்றாலும், எண்ணுக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சொல்லப் பழகிவிட்டோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி