கற்பக் கணக்கும் பேரண்டத்தின் அகவையும்: சூரிய சித்தாந்தத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிரமனின் ஒரு பகலாகிய கற்பம் 432 கோடி ஆண்டுகளைக் கொண்டது எனப் புராணங்களும் சோதிட சித்தாந்தங்களும் கூறுகின்றன. புவியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய அறிவியலின் முடிவு. இவ்விரு எண்களும் அருகருகே நிற்பதைக் கொண்டு, முன்னோர் புவியின் அகவையை அறிந்திருந்தனர் எனப் பலரும் எழுதி வருகின்றனர். 1980இல் வெளிவந்த ‘காஸ்மாஸ்’ நூலில் கார்ல் சேகன் இந்த ஒப்புமையைச் சுட்டியது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அது தற்செயலானது என்று அவரே அங்குக் குறித்திருப்பதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுகின்றனர். இவ்வொப்பீடு பொருந்துமா என்பதைச் சூரிய சித்தாந்தத்தின் கணக்கைக் கொண்டே இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலாவதாக, ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே வகையின அல்ல. 454 கோடி என்பது கழிந்த காலம். 432 கோடி என்பது ஒரு பகலின் முழு நீளம். அப்பகல் இன்னும் முடியவில்லை என்பதே மரபின் கொள்கை. எனவே கற்பத்தில் இதுவரை கழிந்த காலத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு யுகங்களும் சேர்ந்த ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டுகள். 71 மகாயுகங்கள் ஒரு மனுவந்தரம். கலியுகத் தொடக்கம் வரை ஆறு மனுவந்தரங்களும், கிருதயுக அளவினவாகிய ஏழு சந்திகளும், 27 மகாயுகங்களும், நடப்பு மகாயுகத்தின் முதல் மூன்று யுகங்களும் கழிந்துள்ளன. இவற்றைக் கூட்டினால் 197,29,44,000 ஆண்டுகள் கிடைக்கும். கி.மு. 3102இல் கலி தொடங்கியதாகக் கொண்டு அதன்பின் கழிந்த ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளைச் சேர்த்தாலும் தொகை பெரிதும் மாறாது. இது புவியின் அகவையில் பாதிக்கும் குறைவு. 1380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்படும் பேரண்ட அகவையில் ஏழில் ஒரு பங்கு. மரபின் கணக்கை மரபு கூறியவாறே எடுத்துக்கொண்டால் ஒப்புமை மறைந்துவிடுகிறது.

அவ்வாறாயின் இப்பேரெண்கள் எதற்காக அமைந்தன? விடை சூரிய சித்தாந்தத்திலேயே உள்ளது. கோள்கள் ஒரு மகாயுகத்தில் எத்தனை முறை வானை வலம் வருகின்றன என்பதை அந்நூல் முழு எண்களாகத் தருகிறது. சனிக்கு 1,46,568 சுற்றுகள். இவ்வெண் நான்கால் வகுபடும். பிற கோள்களின் எண்களும் அவ்வாறே. ஆதலின் மகாயுகத்தின் கால்பங்காகிய 10,80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாக் கோள்களின் சராசரி நிலைகளும் மேடத்தின் முதற்புள்ளியில் கூடும். கலியின் தொடக்கத்தில் அத்தகைய கூட்டம் நிகழ்ந்ததாக நூல் கொள்கிறது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. மேற்கண்ட 197,29,44,000ஐ 10,80,000ஆல் வகுத்தால் 1826.8 வருகிறது; மீதியின்றி வகுபடவில்லை. கற்பத் தொடக்கத்திலிருந்தே கோள்களை ஓடவிட்டால், கலியின் தொடக்கத்தில் சனி மேடத்தில் இராது. முழுச் சுற்றுகள் போக 216 பாகை கடந்து விருச்சிகத்தில் நிற்கும். இந்நிலையில், பிரமன் உலகைப் படைக்க 47,400 தேவ ஆண்டுகள் எடுத்துக்கொண்டான் என்றும் அக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்றும் நூல் விதிக்கிறது. ஒரு தேவ ஆண்டு 360 மானிட ஆண்டுகள். ஆகவே கழிவு 1,70,64,000. எஞ்சுவது 195,58,80,000. இதனை 10,80,000ஆல் வகுத்தால் சரியாக 1811. சனியும் மேடத்திற்கு வந்துவிடுகிறது. படைப்புக் காலம் என்னும் புராணக் கருத்து இங்கு வானியல் திருத்தமாகப் பணிபுரிகிறது. பெருங்காலம் கணிப்பின் வசதிக்காக வகுக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான அகச்சான்று வேண்டுவதில்லை. மரபினுள்ளும் இவ்வளவுகள் ஒருபடித்தாக இல்லை. ஆரியபடர் நான்கு யுகங்களையும் சமமாக வகுத்துக் கற்பத்திற்கு 1008 மகாயுகங்கள் கொண்டார். பிரமகுப்தர் அதனைக் கண்டித்தார்.

அறிவியல் தரும் எண்ணின் இயல்பு வேறு. 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை அளந்து 455 கோடி ஆண்டுகள் என்று கூறியபோது, ஏழு கோடி ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும் உடன் கூறினார். அளவீட்டில் பிறந்த எண் தன் பிழையெல்லையுடன் வருகிறது. கற்பத்தின் 432 கோடிக்கு அத்தகைய எல்லை இல்லை; அது அளக்கப்பட்டதன்று, வரையறுக்கப்பட்டது.

பரிபாடலின் இரண்டாம் பாடலையும் இவ்வொளியில் காணலாம். திருமாலைப் போற்றும் அப்பாடலில் கீரந்தையார் ஊழிகள் பல கழிந்ததையும், வான் முதலாகப் பூதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியதையும் பாடுகிறார். இதனைப் பெருவெடிப்புக் கொள்கையோடு இணைப்போர் உளர். வான், வளி, தீ, நீர், நிலம் என்னும் வரிசை ஐம்பூதத் தோற்றம் பற்றிய தத்துவ மரபைச் சார்ந்தது. விண்மீன்களோ அணுக்களோ தோன்றிய வரிசையன்று. காலத்தைக் குறிக்க அவர் ஆள்பவை நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பேரெண் பெயர்கள். சித்தாந்தங்களைப் போல அவர் ஆண்டுத்தொகை எதனையும் கூறவில்லை. எண்ணின் எல்லையைக் கடந்தவன் இறைவன் என்பதே அவர் கருத்து. அப்பெயர்களுக்குப் பிற்கால வாய்பாடுகளின் மதிப்புகளை இட்டு ஆண்டுகளைக் கணக்கிட்டால் கிடைப்பது அவ்வாய்பாடுகளின் விடையே. கீரந்தையார் குறித்த காலமன்று.