ஒரே கூட்டல், இருவேறு நேரம்: அணியை நிரைவழியே வாசிப்பதன் கணக்கு

நம்பிக்கை: செயல்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் ஓட்ட நேரமும் சமமாகவே இருக்கும்.

ஒரு பெரிய அணியில் உள்ள எண்களையெல்லாம் கூட்டுவதற்குச் சி மொழியில் எழுதப்படும் மிக எளிய புரோகிராம் பின்வருமாறு அமையும்.

```c
double s = 0;
for (int i = 0; i < 4096; i++)
    for (int j = 0; j < 4096; j++)
        s += a[i][j];
```

இதில் உள்ள இரண்டு `for` வரிகளை இடம் மாற்றிவிட்டால், நிரை நிரையாகச் சென்றுகொண்டிருந்த வாசிப்பு நிரல் நிரலாக, அதாவது மேலிருந்து கீழாகச் செல்லத் தொடங்கும். இரண்டு வடிவங்களும் 1,67,77,216 எண்களையும் தலா ஒரு முறை வாசித்து அத்தனை கூட்டல்களைச் செய்கின்றன. இரண்டின் சிக்கலளவும் O(n²) தான். ஆயினும் இன்றைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது வடிவம் பல மடங்கு மெதுவாக முடிகிறது. O(n²) என்ற குறியீடு பொய் சொல்லவில்லை. n பெருகும்போது வேலை எந்த விகிதத்தில் பெருகும் என்பதை மட்டுமே அது சொல்ல வந்தது. ஒவ்வொரு வாசிப்புக்கும் ஆகும் செலவு ஒன்றே என்று எடுத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது அதன் இயல்பு. இரண்டு வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடோ அந்தச் செலவில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: முதன்மை நினைவகத்தின் எந்த இடத்தை அணுகவும் ஒரே நேரமே ஆகும்.

ரேம் என்ற பெயரே இந்த எண்ணத்துக்கு ஊட்டம் தருகிறது. காந்த நாடாவோடு ஒப்பிட்டால் அது உண்மையும்கூட. ஆனால் செயலியின் வேகத்தோடு ஒப்பிடும்போது முதன்மை நினைவகம் மிகத் தொலைவில் உள்ளது: செயலி ஒரு கூட்டலை நான்கைந்து கடிகாரத் துடிப்புகளில் முடித்துவிடும், முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்து சேர ஏறத்தாழ இருநூறு முதல் முந்நூறு துடிப்புகள் ஆகும். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, அண்மையில் பயன்பட்ட தரவுகளின் படிகளைச் செயலிக்கு அருகிலேயே வைத்திருக்கும் சிறிய, விரைவான கேச் நினைவகம் உருவாயிற்று. மாரிஸ் வில்க்ஸ் 1965ஆம் ஆண்டில் இக்கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். சில ஆண்டுகளுக்குள் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 அதை வணிகக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது.

இன்றைய செயலிகளில் இது பொதுவாக மூன்று அடுக்குகளாக உள்ளது. எல்1 எனப்படும் முதல் அடுக்கு பெரும்பாலும் 32 அல்லது 48 கிலோபைட் அளவினது, நான்கைந்து துடிப்புகளில் பதில் தருவது; எல்2 அதைவிடப் பெரியது, பத்துப் பதினைந்து துடிப்புகள் எடுத்துக்கொள்வது; பல கருக்கள் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் எல்3 இன்னும் பெரியது, நாற்பது துடிப்புகளுக்கும் மேலாகக் காக்க வைப்பது. இவற்றில் ஓர் எண் இல்லாமற்போய் அடுத்த அடுக்கைத் தேடிச் செல்ல நேர்வதைத் தவறுதல் என்பர்.

இங்கே கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி, தரவு ஒருபோதும் ஒற்றை எண்ணாக இடம்பெயர்வதில்லை என்பதாகும். இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளில் நினைவகம் 64 பைட் கொண்ட துண்டுகளாக நகர்கிறது. ஒவ்வொரு துண்டும் கேச் லைன் எனப்படும். `double` வகை எண் ஒன்றுக்கு 8 பைட் வேண்டும் என்பதால் ஒரு லைனில் எட்டு எண்கள் அடங்கும். சி மொழி அணியின் ஒரு நிரையை முழுமையாக எழுதி முடித்த பிறகே அடுத்த நிரையைத் தொடர்வதால், `a[0][0]` கேட்டபோது வந்த லைனிலேயே `a[0][1]` முதல் `a[0][7]` வரை உள்ள ஏழு எண்களும் வந்துவிடுகின்றன. நிரைவழி வாசிப்பில் அந்த ஏழும் உடனடியாகப் பயன்படுகின்றன. அதற்கு மேல், முகவரிகள் வரிசையாக ஏறுவதைக் கண்டுகொள்ளும் முன்கொணர் சுற்று, கேட்கப்படுவதற்கு முன்பே அடுத்த லைன்களை வரவழைத்து வைக்கிறது.

நிரல்வழி வாசிப்பிலோ `a[0][0]` வந்த பிறகு கேட்கப்படுவது `a[1][0]`. அது 32,768 பைட் தள்ளி இருக்கிறது. வந்த லைனில் ஓர் எண் மட்டுமே பயன்பட்டு, மற்ற ஏழும் அடுத்தடுத்த நிரல்களின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. அதுவரை அந்த லைன் கேச்சில் தங்கினால் இழப்பு இல்லை. தங்காவிட்டால் அதே லைன் எட்டு முறை மீண்டும் மீண்டும் வரவழைக்கப்படும், 128 மெகாபைட் அணிக்காக மொத்தம் 1,024 மெகாபைட் போக்குவரத்து நிகழும்.

நம்பிக்கை: கேச் போதிய அளவு பெரிதாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

ஒரு நிரலை முழுதாக வாசிக்க 4,096 லைன்கள் தேவை. அவற்றின் மொத்த அளவு 256 கிலோபைட். பல செயலிகளின் எல்2 இதைவிடப் பெரியது என்பதால் லைன்கள் அங்கே தங்கிவிடும் என்று எண்ணத் தோன்றும். கொள்ளளவை மட்டும் பார்த்துச் செய்யும் இந்தக் கணக்கு, கேச்சின் உள்ளமைப்பைக் கருதாமல் விட்டுவிடுகிறது.

கேச்சில் எந்த லைனும் விரும்பிய இடத்தில் அமர முடியாது. 32 கிலோபைட் அளவும் எட்டு வழிகளும் கொண்ட எல்1, 64 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் எட்டு லைன்களுக்கே இடம். ஒரு லைன் எந்தத் தொகுதிக்குச் செல்லும் என்பதை அதன் முகவரியின் சில பிட்டுகள் தீர்மானிக்கின்றன. அதன் விளைவாக, 4,096 பைட்டின் மடங்குகளாக விலகி நிற்கும் முகவரிகள் எல்லாம் ஒரே தொகுதியில்தான் வந்து விழும். 32,768 என்பது 4,096இன் சரியான எட்டு மடங்கு. ஆகவே, ஒரு நிரலின் 4,096 லைன்களும் எட்டே இடங்களுக்குப் போட்டியிட, மீதமுள்ள 63 தொகுதிகளும் அந்த நிரலுக்குப் பயன்படாமல் கிடக்கின்றன. ஒன்பதாவது நிரையை அடைந்ததுமே முதல் நிரையின் லைன் வெளியேற்றப்படத் தொடங்கிவிடும். எல்2இன் தொகுதிகளைத் தீர்மானிக்கும் பிட்டுகளில் சில இயக்க அமைப்பு ஒதுக்கும் பக்கத்தைச் சார்ந்தவை என்பதால் அங்கே நெரிசல் சற்றுப் பரவலாகும். எல்1இல் அந்த வாய்ப்பும் இல்லை.

இரண்டின் அடுக்குகளாக அமைந்த அளவுகள் கணிப்பொறிக்கு உகந்தவை என்று பொதுவாக நினைக்கப்படுவதற்கு நேர்மாறாக, இங்கே அவையே கேடு செய்கின்றன. ஒவ்வொரு நிரையின் முடிவிலும் எட்டு வெற்று எண்களைச் சேர்த்து, அணியை `a[4096][4104]` என்று அறிவித்தால் நிரைகளுக்கிடையிலான தூரம் 32,832 பைட், அதாவது 513 லைன்கள் ஆகிறது. 513ஐ 64ஆல் வகுத்தால் மீதி ஒன்று என்பதால் அடுத்தடுத்த நிரைகள் அடுத்தடுத்த தொகுதிகளில் அமர்கின்றன. எல்1இன் 512 இடங்களும் இப்போது பயன்பட்டாலும் 4,096 லைன்களை அது தாங்காது, எல்2 தாங்கக்கூடும். நினைவகத்தில் அதிக இடம் பிடித்த பிறகும் நிரல்வழி வாசிப்பு விரைவடைந்தால், தடையாக இருந்தவற்றில் தொகுதி நெரிசலும் ஒன்று என்று கொள்ளலாம்.

தொகுதி நெரிசலுக்கு அப்பால் பக்கங்களின் செலவும் உண்டு. புரோகிராம் பயன்படுத்தும் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றும் பணி வழக்கமாக 4 கிலோபைட் கொண்ட பக்கங்களாக நடைபெறுகிறது. அண்மையில் செய்த மாற்றங்களை டி.எல்.பி. என்னும் சிறு அட்டவணை நினைவில் வைத்திருக்கிறது. அதன் முதல் அடுக்கில் பல இன்டெல் செயலிகளில் 64 பதிவுகளே உண்டு. இரண்டாம் அடுக்கிலும் இரண்டாயிரம் அளவில்தான். நிரைவழி வாசிப்பு ஒரு பக்கத்தில் 512 எண்களை முடித்துவிட்டே அடுத்த பக்கத்துக்குச் செல்ல, நிரல்வழி வாசிப்போ ஒவ்வோர் எண்ணுக்கும் புதிய பக்கத்தைத் தொட்டு, ஒரு நிரலுக்கு 4,096 பக்கங்களைச் சுற்றி வருகிறது. வன்பொருள் முன்கொணர்வும் பொதுவாகப் பக்க எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை என்பதால் அந்த உதவியும் இங்கே கிட்டாது.

எனினும், தவறுதல்களின் எண்ணிக்கையை முந்நூறு துடிப்புகளால் பெருக்கி நேரத்தைக் கணித்துவிட முடியாது. அடுத்த எண்ணின் முகவரி முந்தைய கூட்டலின் விடையைச் சார்ந்திருக்கவில்லை என்பதால், செயலி ஒரே வேளையில் பத்துப் பன்னிரண்டு லைன்களைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க முடிகிறது. காத்திருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இழப்பைக் குறைக்கின்றன.

நம்பிக்கை: கம்பைலரே வரிகளை மாற்றியமைத்துவிடும்.

ஜி.சி.சி. தன் எட்டாம் பதிப்பு முதல் `-O3` நிலையில் இத்தகைய மாற்றத்தை முயல்கிறது என்பது உண்மை. ஆயினும், மேற்கண்ட புரோகிராமில் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. மிதவைப் புள்ளி எண்களின் கூட்டலில் ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கப் பிழை சேர்வதால், கூட்டும் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். அந்த உரிமையைக் கம்பைலர் தானாக எடுத்துக்கொள்வதில்லை. `-ffast-math` என்ற விருப்பத்தைத் தருவதன் மூலம் உரிமையை வழங்கலாம், ஆனால் அது புரோகிராம் முழுவதையும் பாதிக்கும் என்பதால், இரண்டு வரிகளைக் கையால் இடம் மாற்றுவதே நேர்மையான வழி.

நம்பிக்கை: நிரைவழி வாசிப்பே எப்போதும் விரைவானது.

இது சி, சி++ மொழிகளின் பழக்கத்தை இயற்கை விதியாகக் கொள்வதால் விளைவது. ஃபோர்ட்ரான் அணிகளை நிரல் நிரலாக அடுக்குகிறது; மேட்லேப், ஆர், ஜூலியா ஆகியவையும் அவ்வாறே செய்கின்றன. அவற்றில் நிரல்வழி வாசிப்பே வெல்லும். நம்பை இயல்பாகச் சி மொழியின் முறையைப் பின்பற்றினாலும், `a.T` என்று அணியைத் திருப்பும்போது தரவை நகர்த்தாமல் தூரக் கணக்கை மட்டுமே மாற்றுவதால், திருப்பிய அணியின் நிரை நினைவகத்தில் நிரலாகவே கிடக்கும்.

நம்பிக்கை: ஓட்டிப் பார்த்ததில் வேறுபாடு தெரியவில்லை, ஆகவே இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

32 × 32 அணி 8 கிலோபைட்டில் அடங்கி எல்1இலேயே தங்கிவிடும் என்பதால், அதில் வேறுபாடு தெரியாமலிருப்பது இயல்பு. பெரிய அணியிலும் அளவீடு தவறுவதற்கு இரண்டு பொறிகள் உள்ளன. கூட்டுத்தொகையை எங்கும் அச்சிடாமல் விட்டால், பயனற்ற வேலை என்று கண்டு கம்பைலர் முழுச் சுற்றையும் நீக்கிவிடக்கூடும். மற்றொன்று நுட்பமானது: லினக்ஸில் `malloc` கொடுத்த பெரிய இடத்தில் எதையும் எழுதாமல் வாசித்தால், அதன் பக்கங்கள் பெரும்பாலும் சுழியம் நிரம்பிய ஒரே பௌதிகப் பக்கத்தையே சுட்டும், 128 மெகாபைட் வாசிக்கப்படுவதாகத் தோன்றினாலும் உண்மையில் தொடப்படுவது 4 கிலோபைட், அது எல்1இல் வசதியாக அமர்ந்துவிடும். அணியை முதலில் எண்களால் நிரப்பிய பின், இரண்டு வடிவங்களையும் தனித்தனியே

```
perf stat -e L1-dcache-load-misses,dTLB-load-misses ./kootal
```

என்ற கட்டளையின் கீழ் ஓட்டினால், கூட்டல்களின் எண்ணிக்கை மாறாதிருக்கத் தவறுதல்கள் எங்கே பெருகுகின்றன என்பதைச் செயலியின் எண்ணிகளே காட்டும். நிரைவழி வாசிப்பில் முன்கொணர்வின் காரணமாக எல்1 தவறுதல்கள் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கிலிருந்து சற்று விலகக்கூடும், ஆனால் பக்கங்கள் 4 கிலோபைட் அளவினவாக இருக்கும்வரை டி.எல்.பி. வரியில் இரண்டு வடிவங்களுக்கும் இடையே காணும் வேறுபாடு ஐயத்துக்கு இடம் தருவதில்லை.