மால்ட் பவுடர்: டப்பாவின் பின்பக்கம் சொல்லும் கணக்கு



விருதுநகர் வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருப்போர் எவருக்கும் இந்தச் சரக்கைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா, பூஸ்ட், காம்ப்ளான் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்போம். பள்ளி திறக்கும் மாதத்தில் நல்ல ஓட்டம். ஆனால் நாம் விற்கும் இந்தப் பவுடரில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் டப்பாவைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம்? நானும் பல வருடம் பார்க்கவில்லை. பார்க்க வைத்தது ஒரு சிறு சம்பவம்.

எங்களுடையது மொத்தக் கடை என்றாலும், சனிக்கிழமை சம்பள நாளில் சில்லறைக்கும் ஆள் வரும். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண், ஏழு வயதுப் பையனுக்காக ஒரு டப்பா வாங்கினார். "அண்ணாச்சி, பால் விக்கிற விலைக்கு ரெண்டும் வாங்க முடியல. பாலை நிறுத்திட்டு இதைச் சுடுதண்ணியில கலக்கிக் குடுக்கேன். எல்லாச் சத்தும் இதுலயே இருக்குல்ல?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்று சொல்லி பில் போட்டு விட்டேன். அவர் போன பிறகு மனசு உறுத்தியது. தெரியாத ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுத்து விட்டோமே என்று அன்று இரவே ஒரு டப்பாவைத் திருப்பி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

முதலில் மால்ட் என்பது என்ன என்று பார்ப்போம். பார்லியை ஊற வைத்து, முளை கட்ட விட்டு, உலர்த்துவார்கள். முளைக்கும்போது தானியத்தின் மாவுச்சத்து ஒருவகைச் சர்க்கரையாக மாறுகிறது. நம் வீட்டில் கேழ்வரகை முளை கட்டினால் லேசாக இனிப்பது போலத்தான். இந்த மால்ட்டுடன் சர்க்கரை, கோகோ, பால் பவுடர் போன்றவற்றை அந்தந்த கம்பெனி முறைப்படி சேர்த்து, கடைசியில் வைட்டமின், இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். அடக்கப் பொருள்களை எடை அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது சட்டம். எனவே சர்க்கரை எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். லிக்விட் குளுக்கோஸ் என்று தனியாக எழுதியிருந்தால் அதுவும் இனிப்புக் கணக்கில்தான் சேரும்.

இனி சர்க்கரைக் கணக்கு. 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றி ஒரு வீடியோ நாடு முழுவதும் பரவியது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. அப்போது 100 கிராம் பவுடரில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 37.4 கிராம். அந்த ஆண்டின் கடைசியில் கம்பெனி அதை 32.2 கிராமாகக் குறைத்தது. குறைத்த பிறகும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். மால்ட்டிலும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பு இதில் சேராது.

குறைத்த அளவையே வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 20 கிராம் பவுடர் என்றால் சர்க்கரை சுமார் 6.4 கிராம். காலை, மாலை இரு வேளைக்கு 13 கிராம். நம் ஊர்த் தாய்மார்கள் அதோடு நிற்பதில்லை. டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சீனியும் போடுவார்கள். அது இரண்டு வேளைக்கு 10 கிராம். ஆக மொத்தம் 23 கிராம். ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழேயே சேர்க்கும் சர்க்கரை இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இருபதில் ஒரு பங்கு என்பது சுமார் 21 கிராம். ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய் தின்னும் முன்பே அந்தக் கணக்கு தாண்டி விட்டது.

அடுத்து புரதம். இதில்தான் நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில் தவறிப்போனது. 100 கிராமுக்கு 7 கிராம் புரதம் என்று டப்பாவில் இருந்தால், 20 கிராம் பவுடரில் கிடைப்பது ஒன்றரை கிராம்கூட இல்லை. ஒரு டம்ளர் பாலில் (200 மில்லி) ஆறு கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, வளர்ச்சிக்கான சரக்கு பாலில் இருக்கிறது. பவுடர் அதற்கு ருசி கூட்டுகிறது. பாலை நிறுத்திவிட்டுச் சுடுதண்ணீரில் கலந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் இனிப்பும் கொஞ்சம் வைட்டமினும்தான். பால் பவுடர் சேர்ந்த சில வகைகளில் புரதம் கூடுதலாக, ஒரு வேளைக்கு மூன்று கிராம் வரை வரும். அதுவும் பாலில் பாதிதான்.

வைட்டமின் வீண் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. குறை உள்ள பிள்ளைக்குச் சேர்த்த சத்து ஓரளவு உதவும். ஆனால் பாலும் கோகோவும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாமல் ஓரளவு தடுக்கும். சோகையாக இருக்கும் பிள்ளைக்கு டாக்டரும் இரும்புச்சத்து மாத்திரையும்தான் வழி. சோறு, பருப்பு, கீரை, பால், முட்டை என்று நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு இந்தப் பவுடர் புதிதாகக் கொடுப்பது அதிகமில்லை. பாலே குடிக்காமல் அடம் பிடிக்கும் பிள்ளையைக் குடிக்க வைக்கிறது என்ற நன்மை மட்டும் நிச்சயம் உண்டு. அதற்கு அரை ஸ்பூன் போதும்.

'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயருக்கும் சட்டத்தில் இடமில்லை. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் வியாபாரிகளுக்கு எடுத்துச் சொல்லி, அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பானங்களை நீக்கச் சொன்னது. அதே மாதம் ஹார்லிக்ஸ் கம்பெனியும் தன் வகைப் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. கம்பெனியே எடுத்துவிட்ட சொல்லை நாம் கடைப் பலகையில் எழுதி வைப்பானேன்?

விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டு வருபவருக்குக் கொடுப்போம். ஆனால் பாலுக்குப் பதிலாக என்று கேட்டால், "அப்படி இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்வோம். அரைக்கிலோ டப்பா 250 ரூபாய் என்று வைத்தால், 20 கிராமுக்கு 10 ரூபாய் ஆகிறது. அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு முட்டையோ, ஒரு கை பொரிகடலையோ நம் கடையிலேயே கிடைக்கிறது. 20 கிராம் பொரிகடலையில் நான்கு கிராம் புரதம் உண்டு. வியாபாரமும் நம்மிடமே நிற்கிறது.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து வந்தபோது இதைச் சொன்னேன். "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது அரைப்படி பொரிகடலையும் ஆறு முட்டையும் வாங்கிப் போகிறார். டப்பாவும் வாங்குகிறார், ஆனால் சின்னது.