தாளிக்க முன்னம் இரண்டு அகப்பை

கொக்குவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாசுகிப் பிள்ளைக்கு,

உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. தட்டச்சில் உள்ளது விடுதிப் பொறுப்பாளரான உனக்கு. டொக்டரின் துண்டோடு சேர்த்துக் கோப்பில் போட்டுவிடு. ‘எனது மகளுக்கு இரைப்பை அழற்சி இருப்பதால் நான்கு கிழமைக்குக் காரம், புளி, எண்ணெய் குறைந்த உணவு வழங்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்’ என்று மட்டுந்தான் அதில் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு கடிதம் எந்த விடுதிக்குப் போனாலும் நடப்பது ஒன்றுதான். ‘மிரிஸ் அடுவென்’ என்று குசினிக்குச் சொல்லுவார்கள். சமைக்கிற அக்கா எல்லோருக்கும் வைக்கிற பெரிய சட்டியில் ஒரு கரண்டி தூளைக் குறைப்பார். அதனால் என்னுடைய பிள்ளைக்குச் சுகமும் வராது, மற்றப் பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியும் இராது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. ஆகவே கையால் எழுதின இந்தக் கடிதம் என் மருமகளான உனக்கு.

சின்னவள் உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். என்னிடமும் ‘ஒண்டுமில்லை அம்மா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிறதாம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் அடிப்பகுதி சிவந்து கிடக்கிறது, புண் இல்லை, பைலோரிக் கிருமியும் இல்லை. ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம், காலையில் ஒன்று, நான்கு கிழமைக்கு. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். நானும் பயப்படவில்லை.

சமையலறையில் கேட்க வேண்டியது தனிச் சமையல் இல்லை, பிள்ளை. கொழும்பில் எந்த விடுதியாலும் ஒரு பிள்ளைக்குத் தனி அடுப்பு எரிக்க முடியாது. 2022இல் காஸ் இல்லாமல் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் கேட்பது எடுத்து வைக்கிற வேலை. பருப்பை எல்லோருக்குமாக மஞ்சளும் வெங்காயமும் போட்டு அவிப்பார்கள்தானே. செத்தல் மிளகாய் தாளித்துக் கொட்ட முன்னம் அதில் இரண்டு அகப்பை எடுத்து மூடி வைக்கச் சொல்லு. பூசணிக்காயோ உருளைக்கிழங்கோ கறியென்றால், காய் அவிந்து தூள் போட முன்னம் ஒரு கிண்ணம் எடுத்து, அதற்குள் இரண்டாம் பாலைக் கொஞ்சம் விட்டு ஒரு கொதி வைத்தால் பால்கறி. முதற்பால் வேண்டாம், கொழுப்புக் கூடினால் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கச் சுணங்கும், பிள்ளைக்கு வயிறு கல்லுமாதிரி இருக்கும். மீன் சமைக்கிற நாளில் கொறுக்காப்புளி போட முன்னம் இரண்டு துண்டை எடுத்து உப்பும் மஞ்சளும் போட்டுச் சொதிக்குள் விடலாம். காலையில் இடியப்பமும் சொதியும் என்றால் பச்சை மிளகாயும் தேசிப்புளியும் சேர்க்காத சொதி, சம்பல் இல்லை. அவ்வளவுதான்.

‘காரத்தைக் குறை’ என்றால் சமைக்கிறவருக்கு எவ்வளவு குறைப்பது என்று தெரியாது. ‘தாளிக்க முன்னம் இரண்டு அகப்பை எடு’ என்றால் அது கைக்குத் தெரிந்த வேலை. இதைச் சிங்களத்தில் எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவிடு. மூடியோடு இரண்டு சில்வர் கிண்ணங்கள் அனுப்புகிறேன், மூடியில் பெயர் வெட்டியிருக்கிறேன். அவற்றை மேசையில் வைக்காமல் உன்னுடைய அலுமாரிப் பக்கம் வைத்தால் நல்லது. விடுதியில் மூடி வைத்த கிண்ணம் யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை, நான் படிக்கிற காலத்திலும் அப்படித்தான்.

ஆனால் உறைப்பு எனக்கு இரண்டாம் பட்சம். முதலாவது நேரம். முப்பது வருஷம் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் சொல்கிறேன், அந்த ஒமெப்ரசோலை அரைவாசிப் பேர் வீணாகத்தான் விழுங்குகிறார்கள். அமிலம் சுரக்கிற பம்பிகள் வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் அந்த மருந்தால் அவற்றை நிற்பாட்ட முடியும். அவற்றை எழுப்பிவிடுவது சாப்பாடு. ஆகவே மாத்திரை இரத்தத்தில் ஏறுகிற நேரமும் வயிற்றுக்குள் சாப்பாடு போகிற நேரமும் சந்திக்க வேண்டும். மாத்திரை குடித்து அரை மணித்தியாலத்தில், பிந்தினால் ஒரு மணித்தியாலத்துக்குள், சாப்பிடவேண்டும். சின்னவள் செய்வது என்ன? ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்கு வெறும் பிளேன்ரீ, எட்டு மணி விரிவுரைக்கு ஓட்டம், பதினொன்றரைக்குக் கன்ரீனில் ஒரு ரோல்ஸ். மருந்தும் போச்சு, வயிறும் போச்சு. உங்கள் விடுதியில் காலைச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான் பரிமாறத் தொடங்குவார்கள் என்றால் அது எங்களுக்கு நல்ல பொருத்தம். ஆறரைக்கு அவள் மாத்திரை போட்டாளா என்று ஒருதரம் எட்டிப் பார். ஏழு மணிக்கு அவளுடைய கோப்பையில் ஏதாவது விழுந்ததா என்று இன்னொருதரம் பார். பிளேன்ரீ சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கட்டும். பத்தரைக்கு இரண்டு இதரைப் பழம் பைக்குள் இருந்தால் போதும், வயிறு ஐந்து மணித்தியாலம் காயக்கூடாது.

அப்படியானால் உறைப்பை ஏன் நிற்பாட்டச் சொல்கிறாய் மாமி என்று நீ கேட்பாய், நீ கேட்கக்கூடியவள்தான். அழற்சியுள்ள வயிற்றுக்கு உறைப்பு எரிக்கும், எரிந்தால் பிள்ளை பாதியில் கையைக் கழுவும், பிறகு பசியில் கிடக்கும். உறைப்பில்லாச் சாப்பாடு நோயை மாற்றாது, நேரத்துக்கு வயிறு நிறையச் சாப்பிட வைக்கும். அதற்கு மட்டுந்தான் அது. 1988இல் அமெரிக்காவில் டேவிட் கிரஹாம் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் சுகதேகிகள் சிலருக்குக் காரமான சாப்பாட்டைக் கொடுத்தும், இன்னொரு முறை காரமில்லாச் சாப்பாட்டோடு அஸ்பிரின் கொடுத்தும், குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். காரம் தின்ற வயிறு ஏறக்குறைய சும்மா இருந்தது. அஸ்பிரின் போட்ட வயிற்றில்தான் தோல் உரிந்திருந்தது.

இதைப் படித்த நாளில் எனக்கு உன் அப்பாவின் நினைவுதான் வந்தது. நீ பிறக்க முன்னம் நடந்தது. அண்ணாவுக்கு வயிற்றுப்புண் என்று சொன்னவுடன் மச்சாள் வீட்டில் மிளகாயை நிற்பாட்டினா. பாணும் பாலும், பாலும் பாணும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ் பால். 1915இல் சிக்காகோவில் சிப்பி என்ற வைத்தியர் தொடக்கிவைத்த வைத்தியம் அது, மணிக்கு மணி பாலும் பாலாடையும். உலகம் எல்லாம் அதைக் கைவிட்ட பிறகும் எங்கள் வீட்டில் விடவில்லை. பால் குடித்தவுடன் எரிவு அடங்குவது மெய். ஆனால் பாலில் உள்ள புரதமும் கல்சியமும் வயிற்றை மறுபடி அமிலம் சுரக்கச் செய்யும், எரிவு திரும்பி வரும், திரும்பவும் பால். நான் அப்போது மருந்தாளர் படிப்பில் இருந்தேன், வாய் திறந்தால் ‘நீ சின்னப் பிள்ளை’ என்றார்கள். அண்ணாவின் சேர்ட் பொக்கற்றில் தலையிடிக்கென்று நாள்தோறும் வைத்திருந்த அஸ்பிரினை ஒருவரும் பார்க்கவில்லை. 1987 ஐப்பசியில், ஊரடங்குக்குள், தார்போலக் கறுத்து வெளியே போன பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். மச்சாள் இதை வாசித்தால் கோபிப்பா, வாசிக்கக் கொடுக்காதே. ஆனால் நீ அவவின் மகள், ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்தால் உன் கை பால்மாத் தகரத்துக்குத்தான் போகும். போகவிடாதே.

சின்னவள் விஷயத்திலும் அதே கதைதான், பொக்கற் மட்டும் வேறு. மாதாமாதம் வயிற்றுக்குத்துக்குக் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் ஒரு பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கியிருக்கிறாள், 50 மில்லிகிராம், வெறுவயிற்றில், நாளுக்கு மூன்று. இரைப்பைக்குத் தன் அமிலத்தில் இருந்து தப்ப ஒரு வழுவழுப்பான பூச்சு இருக்கிறது. அதைப் புதுப்பிக்கிற சுரப்பையே அந்த மாத்திரை நிற்பாட்டிவிடும். சாப்பிட்டபின் போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது, இரத்தத்தின் வழியாகவும் அது வேலை செய்யும். உன்னுடைய முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார். டைக்ளோபெனாக்கோ மெஃபனமிக் அமிலமோ இருந்தால் எடுத்து உன் மேசைக்குள் வைத்துப் பூட்டு. பரசிட்டமோல் இருக்கட்டும், 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. சுடுதண்ணீர்ப் பையும் ஒன்று வாங்கி வை. இது என் மகளுக்காக மட்டும் கேட்பதில்லை. உன் விடுதியில் ‘கஸ்ட்றிக்’ என்று சொல்கிற பிள்ளைகளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க முன்னம் என்ன மாத்திரை போட்டாய் என்று கேள்.

கறுத்த மலம், கோப்பித் தூள்மாதிரி வாந்தி, எழும்பும்போது தலைசுற்று. இதில் ஒன்றைக் கண்டாலும் எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்காதே. முதலில் அவசர சிகிச்சைக்குக் கொண்டு போ, எனக்குப் பிறகு சொல்லு. நான்கு கிழமை முடிந்ததும் கிண்ணத்தையும் நிற்பாட்டிவிடு. பத்தியத்தில் நீள இருந்தால் பிள்ளை இன்னும் மெலியும். முதலில் தாளித்த பருப்பு, பிறகு தூள் போட்ட மரக்கறி, சம்பல் கடைசியாக.

இனி நீதான் முடிவு சொல்லவேண்டும். உன்னால் இவ்வளவும் பார்க்க ஏலாது என்றால் வெளிப்படையாகச் சொல்லு, நான் கோபிக்கமாட்டேன். வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து நான் வந்து நின்று சமைத்துக் கொடுப்பேன். வாடகை கொஞ்சம் கூடத்தான், முழங்காலோடு மூன்றாம் மாடிக்கு ஏறவேண்டியும் வரும், இங்கே மாமாவுக்கு இன்சுலின் போட ஆளில்லை, சோதனை நேரத்தில் பிள்ளை காலி வீதி பஸ்ஸில் அல்லாடவேண்டும். அதெல்லாம் சமாளிக்கலாம். நீ யோசித்து உனக்குச் சரியென்று படுவதைச் செய்.

நிறைய எழுதிப்போட்டேன், மனதில் வைக்காதே. அவள் கொள்ளுப்பிட்டியில் இருக்கிறாள் என்று நான் இரவில் கண்மூடுவது நீ அங்கே இருக்கிறதால்தான். சின்ன வயதிலேயே உனக்குத்தான் எல்லாரையும் பார்க்கிற குணம், உன் அப்பா அதைச் சொல்லாத நாளில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைகளுக்குப் பரிமாறிப்போட்டு ஒன்பது மணிக்கு ஆறின சோற்றைத் தின்னாதே. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஒரு பெட்டி வருகிறது, சனி விடிய வெள்ளவத்தையில் எடுக்கலாம். கிண்ணங்களும் இதரைச் சீப்பும் அவளுக்கு. பருத்தித்துறை வடை, பனங்கட்டி, வறுத்து இடித்த தூள் ஒரு கிலோ எல்லாம் உனக்கு. வடையை அவள் கண்ணில் காட்டாதே.

அன்புடன்,
மாமி