வெறும் தட்டு சமமாக நின்றால் தராசு சரியா? – ஸ்கேல் ஏற்றப்பலகைப் பாடம்

 

நம் அறக்கட்டளையின் மாலை வகுப்பில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய இயந்திரங்கள் பற்றிய பாடம் நடந்தது. தெருவிலுள்ள அடிகுழாயின் கைப்பிடி, பாக்குவெட்டி, கடப்பாரை, கைத்தராசு எல்லாமே நெம்புகோல்கள்தான். இவற்றில் தராசை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்கேலையும் சில நாணயங்களையும் வைத்து மூன்று சோதனைகள் செய்தோம். வீட்டிலும் செய்து பார்க்கும் வகையில் அவற்றை இங்கே எழுதுகிறேன். மூன்றாவது சோதனை பெரியவர்களும் அவசியம் பார்க்க வேண்டியது.

வேண்டியவை

30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று, ஆறு பட்டை உள்ள பென்சில் ஒன்று, ஒரே மாதிரியான ஒரு ரூபாய் நாணயங்கள் பதின்மூன்று, கொஞ்சம் களிமண். உருண்டைப் பென்சில் உருண்டு ஓடிவிடும், ஆகவே பட்டைப் பென்சிலே வேண்டும். அதையும் மேசையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நாணயங்கள் எல்லாம் 2011இல் அறிமுகமான சிறிய வகையாக இருக்கட்டும். அது ஒன்று 3.79 கிராம். அதற்கு முந்தைய பெரிய ஒரு ரூபாய் 4.85 கிராம். இரண்டையும் கலந்தால் கணக்கு ஒத்துவராது.

முதல் சோதனை: எண்ணிக்கையும் தூரமும்

நாணயம் வைக்காமல் ஸ்கேலைப் பென்சில் மேல் வைத்து, அது சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 15 என்ற கோட்டின் அருகே வரும். சில ஸ்கேல்களில் ஓரத்தில் கூடுதல் இடம் விட்டிருப்பதால் சற்றுத் தள்ளியும் வரலாம். அந்த இடமே ஆதாரப்புள்ளி. எல்லாத் தூரங்களையும் இங்கிருந்துதான் அளக்க வேண்டும், ஸ்கேலின் முனையிலிருந்து அல்ல.

இடப்பக்கம் ஆதாரப்புள்ளியிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வலப்பக்கம் ஒரே ஒரு நாணயத்தை நகர்த்தி, ஸ்கேல் சமமாக நிற்கும் இடத்தைத் தேடுங்கள். தூரம் என்பது நாணயத்தின் நடுப்பகுதி வரை. நாணயத்தின் அகலம் சுமார் 2.2 செ.மீ. ஆகையால், ஓரத்தைப் பார்த்துக் குறித்தால் 1.1 செ.மீ. பிழை வந்துவிடும்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வந்தது. ஒருவர் 9 செ.மீ.யில் சமமாக நிற்கிறது என்றார், இன்னொருவர் 11 செ.மீ.யிலும் நிற்கிறது என்றார். இருவர் சொன்னதும் உண்மைதான். பென்சிலின் மேல்பட்டை சுமார் 4 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. ஸ்கேல் அந்தப் பட்டையின் மேல் படுத்துக்கொள்வதால் சிறு வித்தியாசம் இருந்தாலும் சாய்வதில்லை. எனவே நாணயத்தை வெளிப்பக்கமாக நகர்த்தி ஸ்கேல் சாயும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு உள்பக்கமாக நகர்த்தி மறுபக்கம் சாயும் இடத்தைக் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதே சரியான இடம். எங்களுக்கு ஒரு பக்கம் 8.8, மறுபக்கம் 11.4 வந்தது. நடு 10.1.

வகுப்புக் குறிப்பேட்டில் எழுதியது இது:

| இடம்: நாணயம் | இடம்: தூரம் | பெருக்கல் | வலம்: நாணயம் | வலம்: தூரம் (நடு) | பெருக்கல் |
|---|---|---|---|---|---|
| 2 | 5 | 10 | 1 | 10.1 | 10.1 |
| 3 | 4 | 12 | 1 | 11.8 | 11.8 |
| 4 | 3 | 12 | 2 | 5.9 | 11.8 |

நாணயத்தின் எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கினால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே வருகிறது. இதுதான் நெம்புகோல் விதி. 10.1 என்று வந்ததை 10 என்று திருத்தி எழுத வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அளந்தது எதுவோ அதுவே குறிப்பேட்டில் இருக்க வேண்டும். வித்தியாசம் 1 செ.மீ.க்கு மேல் வந்தால், பெரும்பாலும் தூரத்தை நாணயத்தின் ஓரத்திலிருந்தோ ஸ்கேலின் முனையிலிருந்தோ எடுத்திருப்பார்கள்.

இரண்டாம் சோதனை: ஸ்கேலுக்கும் எடை உண்டு

இதுவரை ஸ்கேலின் எடையை நாம் கணக்கில் எடுக்கவில்லை. நடுவில் தாங்கியதால் இரு பக்கமும் சரிக்குச் சரியாகிவிட்டது. இப்போது பென்சிலை 10 என்ற கோட்டுக்குக் கீழே வையுங்கள். நீளமான வலப்பக்கம் உடனே சாயும். இடப்பக்கம் இரண்டு நாணயங்களை நகர்த்திப் பார்த்தோம். ஆதாரப்புள்ளியிலிருந்து 8 செ.மீ.யில், அதாவது ஸ்கேலின் 2 என்ற கோட்டில், சமமாக நின்றது.

வலப்பக்கம் நாணயமே இல்லை. அப்படியானால் இந்த 2 × 8 = 16ஐ எது சமன் செய்கிறது? ஸ்கேலின் சொந்த எடைதான். ஸ்கேல் முழுவதும் பரவியிருக்கும் எடையை, அதன் நடுவான 15 என்ற கோட்டில் ஒரே இடத்தில் வைத்ததாகக் கொள்ளலாம். அந்தக் கோடு ஆதாரப்புள்ளியிலிருந்து 5 செ.மீ. தூரம். 16ஐ 5ஆல் வகுத்தால் 3.2. ஆக, ஸ்கேலின் எடை 3.2 நாணயங்கள், அதாவது சுமார் 12 கிராம். நகைக்கடை மின்னணுத் தராசில் வைத்துப் பார்த்தபோதும் 12 கிராம் காட்டியது. பிள்ளைகளுக்கு மிகுந்த சந்தோஷம்.

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்களில் முக்கியமான ஒருவர் ஸாபித் இப்னு குர்ரா. ஹர்ரானில் பிறந்து பக்தாதில் பணியாற்றி 901ஆம் ஆண்டு இறந்தவர். ஸாபிஈ சமயத்தைச் சேர்ந்தவர், அரபியில் எழுதியவர். தமிழில் வெள்ளிக்கோல் என்று சொல்லும் தராசில் ஒரு கை குட்டை, ஒரு கை நீளம். எடைக்கல்லை நீளக் கையில் நகர்த்தி நிறுப்பார்கள். அந்தக் கோலுக்கே எடை இருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் சரியாக நிறுக்க முடியாது. கோலின் பரவலான எடைக்குப் பதிலாக அதன் நடுவில் அதே அளவு எடை இருப்பதாகக் கொள்ளலாம் என்பதைத் தமது ‘கிதாபுல் கரஸ்தூன்’ என்ற நூலில் அவர் நிறுவினார். கரஸ்தூன் என்றால் வெள்ளிக்கோல்தான்.

மூன்றாம் சோதனை: சமமாக நிற்கும் தவறான தராசு

தராசை வாங்கியவுடன் நாம் என்ன பார்க்கிறோம்? தட்டுகள் காலியாக இருக்கும்போது கோல் சமமாக நிற்கிறதா என்று பார்க்கிறோம். நின்றால் தராசு சரி என்று நம்பிவிடுகிறோம். அது போதுமா?

பென்சிலை 14 என்ற கோட்டில் வையுங்கள். ஸ்கேலின் 2, 28 ஆகிய கோடுகளைத் தட்டுகள் தொங்கும் இடங்களாகக் கொள்ளுங்கள். இடது கை 12 செ.மீ., வலது கை 14 செ.மீ. வலப்பக்கம் சாய்கிறது. இடப்பக்கம் 2 என்ற கோட்டில் சுமார் ஒரு கிராம் களிமண்ணை ஒட்டினால் ஸ்கேல் சமமாக நின்றுவிடும். பார்ப்பவருக்கு இது குறையில்லாத தராசு.

இப்போது இடது கோட்டில் ஏழு நாணயங்களைச் சரக்காகவும், வலது கோட்டில் ஆறு நாணயங்களை எடைக்கல்லாகவும் வையுங்கள். சமமாக நிற்கும்! 7 × 12 = 84, 6 × 14 = 84. ஏழு நாணயச் சரக்கு ஆறாகக் கணக்காகிறது. இப்போது சரக்கையும் எடைக்கல்லையும் இடம் மாற்றுங்கள். இடப்பக்கம் 6 × 12 = 72, வலப்பக்கம் 7 × 14 = 98. வலப்பக்கம் பட்டென்று சாய்ந்துவிடும். காலியாக இருந்தபோது களிமண் மறைத்துவைத்த குறையை இடமாற்றம் வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

உண்மையான தராசில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இராது. 30 செ.மீ. கோலில் நடு ஊசி 3 மில்லிமீட்டர் மட்டும் விலகியிருப்பதாகக் கொள்வோம். கைகள் 14.7, 15.3 செ.மீ. ஆகின்றன. குட்டைக் கையில் ஒரு கிலோ சரக்கு வைத்தால் எடைக்கல் 960 கிராம் என்றே காட்டும். பழைய இரும்பும் பேப்பரும் எடுப்பவரிடம் போடும்போது சரக்கு குட்டைக் கையில் இருந்தால் கிலோவுக்கு 40 கிராம் நம் கையைவிட்டுப் போகிறது. மிளகாயோ மல்லியோ கடையில் வாங்கும்போது சரக்கு நீளக் கையில் இருந்தாலும் அதே கதைதான். தராசு வைத்திருப்பவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல முடியாது. தேய்ந்த ஊசியும், வளைந்த கொக்கியும் கூட இதைச் செய்யும். அவரே அறியாமல் ஏமாற்றுபவராகிவிடுகிறார்.

வீட்டில் செய்யவேண்டிய சோதனை

சரக்கை ஒரு தட்டில் வைத்து நிறுத்து எடையை எழுதுங்கள். பிறகு சரக்கை மறு தட்டுக்கும் எடைக்கல்லை இந்தத் தட்டுக்கும் மாற்றி மறுபடி நிறுங்கள். இரண்டும் ஒன்றானால் கைகள் சமம். வேறுபட்டால், மேலே சொன்ன தராசில் ஒரு கிலோவுக்கு ஒரு தடவை 960ம் மறு தடவை 1040ம் வருவதுபோல், உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். வித்தியாசம் சிறிதாக இருந்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தாலே போதும்.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. எடைக்கல்லே குறைவாக இருந்தால் இடம் மாற்றினாலும் ஒரே பிழையே வரும், அதைக் கண்டுபிடிக்க முடியாது. எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதே அதற்கு வழி. தமிழ்நாட்டில் அந்தப் பணியைத் தொழிலாளர் துறை செய்கிறது. ஊசி துருப்பிடித்து இறுக்கமாக இருந்தால், பென்சில் பட்டையில் பார்த்ததுபோல் சிறு வித்தியாசத்தில் கோல் அசையாது. சமமாக நிற்கும்போது ஒரு தட்டில் ஒரு நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். கோல் அசையவில்லை என்றால் அந்தத் தராசை நம்ப வேண்டாம். மின்னணுத் தராசுக்கும் இந்த இடமாற்றச் சோதனை பொருந்தாது. அதற்கு எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாத வகுப்புக்குப் பிள்ளைகள் வீட்டிலோ கடையிலோ உள்ள ஒரு தராசை இடம் மாற்றி நிறுத்து, இரு எடைகளையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். கடைத் தராசாக இருந்தால் கடைக்காரரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் வந்தால் அதை அவரிடமே, மரியாதையாக, தனியாகச் சொல்லுங்கள்.

செயலாளர்